பழமா, படமா? ஓர் ஒலியியல் உரை அட்டவணையான விதம்

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவர்கள். பாட்னா, கான்பூர், கட்டக், கொல்கத்தா என்று பல ஊர். சொல்லித் தருகிற ஆறு பேரும் தன்னார்வலர்கள், அதில் நானும் ஒருத்தி. வார நாட்களில் பாடநூல்களுக்குப் பக்கம் கட்டுவது என் தொழில். அதனால் 'அட்டவணை' என்று யார் வாயைத் திறந்தாலும் மற்ற ஐந்து பேரும் என் பக்கம்தான் திரும்புவார்கள்.

ஓய்வு பெற்ற மொழியியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் ஆறு பேருக்காக மட்டும் ஒரு சனிக்கிழமை மாலை வந்து 52 நிமிடம் பேசினார். தமிழ் ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன, அவற்றுக்கு உலக ஒலியியல் நெடுங்கணக்கில் எந்தக் குறி என்பதுதான் பேச்சு. முடிந்ததும் வகுப்பை நடத்தும் அக்கா என்னிடம், "ஐயா பேசினதை ஒரே தாள்ல அடக்கிக் குடு. எழுத்து, ஒலிக்குறி, உதாரணச் சொல், வாய் எப்படி இருக்கணும். அவ்ளோதான்" என்றார். அந்த 'அவ்ளோதான்' முடிய ஐந்து வாரமும் மூன்று வரைவும் ஆயின. முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உயிரொலிகள் பெரிதாகத் தொல்லை தரவில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். தலைவலியெல்லாம் மெய்யில்தான்.

கையில் இருந்தது

உரையின் முதல் பாதி என் கைபேசியில் நன்றாகவே பதிவாகியிருந்தது. பாதியில் பேட்டரி இறங்கிவிட, மீதியை இன்னொரு தன்னார்வலரின் பழைய கைபேசி பிடித்தது. அதில் இருந்த குரல்பதிவுச் செயலி தொலைபேசிப் பேச்சின் தரத்தில்தான் பதியும். ஒரு நொடிக்கு 8000 மாதிரிகள் என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் அதில் இருக்காது. பேராசிரியர் 'பசி' என்று சொன்ன இடத்தில் 'பஃபி' போலக் கேட்டது. 'ஸ்' என்கிற சீறலின் வலு முக்கியமாக 4000க்கு மேலேதான் இருக்கிறது, அது முழுக்க வெட்டுப்பட்டுவிட்டது. ஆக, சகரத்தைப் பற்றிய குறிப்புகளை அந்தப் பாதியிலிருந்து எடுக்க முடியாது என்று அன்றே ஒதுக்கினேன். ழ, ள, ல எல்லாம் அதற்குக் கீழேயே வேறுபடுகிறவை, அவை தப்பின.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. 'இப்படி.' "நாக்கு இப்படி வரும், இங்கே தொடும், அப்புறம் இப்படி விடும்" என்று பேராசிரியர் இடது உள்ளங்கையை மேலண்ணமாகவும் வலது கையை நாக்காகவும் வைத்துக் காட்டினார். நேரில் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று புரிந்தது. வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் 'இப்படி' மட்டும்தான் இருக்கிறது, கை இல்லை. எழுதி எடுத்த பக்கங்களில் ஒவ்வோர் 'இப்படி'யையும் வட்டமிட்டேன். உண்மையான வேலை அந்த வட்டங்களை நிரப்புவதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது குறிகளைத் தேடிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் வரைவு: எழுத்துக்கு ஒரு வரிசை

பேராசிரியர் க, ங, ச, ஞ என்று நெடுங்கணக்கு வரிசையில்தான் பேசினார். நானும் அதே வரிசையில் பதினெட்டு மெய்க்குப் பதினெட்டு வரிசை போட்டேன். க என்றால் k, உதாரணம் 'கல்'. ட என்றால் ʈ, உதாரணம் 'பட்டம்'. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்த கான்பூர்க்காரர், தன் மகள் பள்ளிக்குப் போவதைச் சொல்ல வந்தவர், "என் மக்கள் ஸ்கூல் போறா" என்றார். பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அவர் மேல் தப்பில்லை. தாளில் க என்றால் k என்று இருக்கிறது, 'மகள்' என்பதில் அதே க இருக்கிறது, அவர் makaɭ என்று சரியாகவே படித்தார். ஆனால் இரண்டு உயிருக்கு நடுவே காற்றை முழுசாக அடைத்து, குரல் இல்லாமல் k என்று சொன்னால் தமிழ்க் காது அதை 'க்க' என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாம் 'மகள்' என்னும்போது நாக்கின் பின்பகுதி அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் அடைப்பதில்லை. காற்று உரசிக்கொண்டு போகிறது. சிலர் வாயில் அது வெறும் 'ஹ' அளவுக்குத் தேய்ந்துவிடும்.

பேராசிரியர் இதைச் சொல்லாமல் இல்லை. பதிவை மறுபடி கேட்டால் ககரத்துக்கே நான்கு நிமிடம் எடுத்திருக்கிறார்: சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, இரட்டித்தால் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, உயிர்களுக்கு நடுவில் ஒன்று. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோதே இதை விதியாகச் சொல்லிவிட்டார் என்றும் கூறியிருக்கிறார். நான் அந்த நான்கு நிமிடத்தை 'கூடுதல் விளக்கம்' என்று ஓரத்தில் எழுதி, அட்டவணையில் விட்டுவிட்டேன். எழுத்துதான் தலைப்பு, ஒலி அதன் விளக்கம் என்று என் மண்டையில் இருந்தது. ஒலி அட்டவணையில் அது தலைகீழ். ஒரே எழுத்து நான்கு ஒலியானால் நான்கு வரிசை வேண்டும்.

அதனால் இரண்டாம் வரைவில் வல்லினம் க, ச, ட, த, ப ஐந்தையும் இடத்தைப் பார்த்துப் பிரித்தேன். ககரம் இப்படி ஆனது:

| இடம் | குறி | சொல் | வாய் |
|---|---|---|---|
| சொல் முதலில் | k | கல் | பின்நாக்கு அண்ணத்தை அடைத்து விடும். குரல் இல்லை. காற்றை ஊதித் தள்ளக் கூடாது |
| இரட்டித்தால் | kː | பக்கம் | அதே அடைப்பு, இரண்டு மடங்கு நேரம் பிடித்து விட வேண்டும் |
| ங்க் என வந்தால் | ŋɡ | தங்கம் | முதலில் மூக்கு வழி, அப்புறம் அடைப்பு. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு நிற்காது |
| உயிர்களுக்கு நடுவில் | ɣ | மகள் | அடைப்பே இல்லை, நெருக்கம் மட்டும். h என்றாலும் புரியும், k என்றால் மக்கள் ஆகிவிடும் |

த, ப இரண்டும் ஏறக்குறைய இதே அச்சில் வந்தன. சகரம் மட்டும் தனி வழி: பேச்சில் முதலிலும் நடுவிலும் s, இரட்டித்தால் tʃː, ஞகரத்துக்குப் பின் dʒ. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, 'டீ' மாதிரிக் கடன் வாங்கியவற்றில்தான் வரும். கடன் சொற்களுக்கு இந்த இட விதி எதுவும் செல்லாது என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி போட வேண்டியிருந்தது. இல்லையென்றால் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 'பஸ்' என்பதை p வைத்துச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டாம் வரைவு: பழக்கடையில் படம்

இரண்டாம் வரைவோடு போன வாரம் 'மகள்' சரியானது. அந்த வாரமே பாட்னாக்காரர் ஒருவர் முறையிட்டார். பழக்கடையில் போய் நின்று, "அண்ணா, ஒரு கிலோ படம் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கைபேசியை எடுத்து, "எந்தப் படம் சார்?" என்றாராம்.

இது ஏன் நடந்தது என்று யோசிக்க இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று அவருடைய மொழி, இன்னொன்று என் கை.

அவருடைய மொழியிலிருந்து தொடங்குகிறேன். 'படம்' என்பதில் உள்ள ட முழு அடைப்பு இல்லை. மேல்நோக்கி மடங்கிய நாக்கின் நுனி அண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் வந்து விழுகிறது. இந்தியில் 'பெரிய' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'படா'வில் இதே தட்டு இருக்கிறது, அதனால் இந்திக்காரருக்குப் 'படம்' முதல் நாளே வந்துவிடும். 'பழம்' என்று கேட்கும்போது நாக்கு மடங்குகிறது என்பது அவர் காதுக்குத் தெரிகிறது. தன் மொழியில் மடங்கும் நாக்கை வைத்துச் செய்கிற நெருங்கிய ஒலி எது என்று தேடினால் அதே தட்டுதான் அகப்படுகிறது. கட்டக்கிலிருந்து வரும் பெண்ணுக்கு வேறு மாதிரி. ஒடியாவில் ளகரம் உண்டு. அவருக்கு 'பள்ளம்' சுலபம், 'பழம்' என்றால் 'பளம்' என்பார். சென்னையில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இனி என் கை. படத்தின் ஒலிக்குறி ɽ, பழத்தின் ஒலிக்குறி ɻ. முதலாவது r எழுத்துக்கு வால் வைத்தது. இரண்டாவது r எழுத்தைத் தலைகீழாக்கி வால் வைத்தது. பத்துப் புள்ளி அளவில் அச்சடித்தால் இரண்டும் ஏதோ கொக்கி. இருபது வருடம் பக்கம் கட்டியவள் நான், இரண்டாம் வரைவில் ழகர வரிசையில் ɽ போட்டிருந்தேன். கணினியில் குறிப் பட்டியலைப் பார்த்து நகலெடுக்கும்போது ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது. ஐந்து பேர் பிழை பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு குறிக்கும் அதன் எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி, கண்ணை நம்பாமல் எண்ணை வைத்து ஒப்பிடத் தொடங்கினேன்:

```
படம்    ɽ   U+027D
பழம்    ɻ   U+027B
பள்ளம்  ɭː  U+026D U+02D0
```

கடைசியில் உள்ள U+02D0 நீட்டக் குறி. அது முக்காற்புள்ளி அல்ல, இரண்டு சிறு முக்கோணம். விசைப்பலகையில் உள்ள முக்காற்புள்ளியைத் தட்டினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பிறகு கோப்பில் ஏதாவது தேடினால் பாதிதான் அகப்படும்.

குறியைத் திருத்தினால் போதும் என்றிருந்தேன். பாட்னாக்காரர் அந்தக் குறிகள் எதையும் பார்க்கவே இல்லை என்றார். அவர் பார்த்தது வாய் நிலைக் கட்டத்தைத்தான். அங்கே நான் எழுதியிருந்தது இது: டகரத்துக்கு 'நாக்கை மடித்து மேலே கொண்டு போகவும்', ழகரத்துக்கு 'நாக்கை மடித்து நன்றாக மேலே கொண்டு போகவும்'. இந்த 'நன்றாக' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? வட்டமிட்ட 'இப்படி'களை நான் நிரப்பவில்லை, மழுப்பியிருக்கிறேன்.

'இப்படி'யை நிரப்பியது

பேராசிரியரிடமே போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தொல்காப்பியர் உங்களைவிடத் தெளிவா எழுதியிருக்காரும்மா" என்றார். பிறப்பியலில் ற, ன இரண்டுக்கும் நுனிநாக்கு அண்ணத்தை 'ஒற்ற' வேண்டும் என்றும், ர, ழ இரண்டுக்கும் 'வருட' வேண்டும் என்றும் வருகிறது. ஒற்றுவது என்றால் போய் ஒட்டுவது. வருடுவது என்றால் தடவிப் போவது. நாக்கு எங்கே போகிறது என்பதோடு, போன இடத்தில் என்ன செய்கிறது என்பதையும் அவர் பிரித்துச் சொல்லிவிட்டார். என் அட்டவணையில் இடம் மட்டுமே இருந்தது. செயல் இல்லை.

அன்றே 'தொடுமா?' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் மூன்றே விடை: அடைக்கும், தட்டும், தொடாது. 'பட்டம்' அடைக்கும். 'படம்' தட்டும். 'பழம்' தொடாது. அடுத்த ஞாயிறு வகுப்பில் படம், பழம் இரண்டும் பிரிந்தன. ஆனால் புதிதாக ஒரு கூத்து. 'தொடாது' என்றதும் சிலர் நாக்கை வாய் நடுவில் தொங்கவிட்டு, 'பஅம்' என்கிற மாதிரி ஏதோ சொன்னார்கள்.

தவறு எங்கே என்று கண்ணாடி முன் நின்று நானே பத்து முறை 'பழம்' சொல்லிப் பார்த்தேன். ழகரத்தில் நுனிதான் தொடாது. நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்தில் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி இல்லாமல் நாக்கை மடித்து அந்தரத்தில் நிறுத்தவே முடியாது. பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறவர்களுக்கு இது உணர்வில் படுவதே இல்லை. சொல்லித் தரும்போது 'நுனி தொடாது, ஓரம் ஒட்டும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதைக் கற்கிறவர் தானே சரிபார்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழியைப் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தார். வாயை அந்த ஒலியின் நிலையில் அப்படியே நிறுத்தி, சத்தம் போடாமல் வாய் வழியாக மூச்சை வேகமாக உள்ளே இழுக்க வேண்டும். குளிர்ந்த காற்று எங்கே படுகிறதோ அதுதான் காற்று போகும் வழி. 'பல்' என்று சொல்லி லகரத்தில் நிறுத்தி இழுத்தால் கன்னத்துப் பக்கம், நாக்கின் ஓரங்களில் குளிரும். ளகரத்திலும் ஓரத்தில்தான் குளிரும், நுனி மட்டும் பின்னால் மடங்கியிருக்கும். ழகரத்தில் ஓரம் குளிரவே குளிராது, நாக்கின் நடுவில், மடங்கிய நுனியின் மேல் குளிரும். கட்டக் பெண் 'பளம்' சொல்லி நிறுத்தி இழுத்தார், ஓரம் குளிர்ந்தது. "அக்கா, தப்பு" என்று அவரே சொன்னார். எனக்கு அந்த நிமிடம் இந்த அட்டவணையில் குறியைவிட இந்தக் கட்டம்தான் பெரிது என்று பட்டது. மூன்றாம் வரைவில் அதற்கு அகலத்தைக் கூட்டி, குறிகளுக்கான கட்டத்தைச் சுருக்கினேன்.

| ஒலி | குறி | சொல் | நாக்கின் நுனி | தொடுமா? | மூச்சிழுத்தால் |
|---|---|---|---|---|---|
| ல | l | பல் | மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் | நுனி ஒட்டும், ஓரம் திறந்திருக்கும் | ஓரங்களில் குளிரும் |
| ள | ɭ | மகள் | மேட்டைத் தாண்டிப் பின்னால், நுனியின் அடிப்புறம் படும் | நுனி ஒட்டும், ஓரம் திறந்திருக்கும் | ஓரங்களில் குளிரும் |
| ழ | ɻ | பழம் | மேட்டைத் தாண்டிப் பின்னால், அந்தரத்தில் | நுனி தொடாது, ஓரம் கடைவாய்ப் பல்லில் ஒட்டும் | நடுவில் குளிரும் |
| உயிரிடை ட | ɽ | படம் | மடங்கிய நுனி முன்னால் விழும்போது | ஒரே தட்டு | நிறுத்த முடியாது, சோதனை செல்லாது |
| ர | ɾ | மரம் | மேட்டில் | ஒரே தட்டு | நிறுத்த முடியாது, சோதனை செல்லாது |

ளகரத்தில் 'நுனியின் அடிப்புறம்' என்று எழுதியதைப் பேராசிரியர் வற்புறுத்தினார். இந்திக்காரர் ட சொல்லும்போதும் நாக்கு மேலே போகிறது, ஆனால் அவ்வளவு பின்னால் மடங்குவதில்லை, நுனிதான் படும். தமிழில் நாக்கு இன்னும் சுருண்டு, அடிப்புறம் படும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த ஒலியியல் ஆய்விலேயே இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்றார். இந்திக்காரர் தமிழ் பேசினால் 'பட்டம்' கூடக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு குறிப்பையும் அட்டவணையின் ஓரத்தில் சேர்த்தேன்: நாக்கு மடங்குவது ழகரத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய அகரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ப-வை விட்டதுமே நாக்கு பின்னால் போகக் கிளம்ப வேண்டும். ப, ழம் என்று துண்டாக்கிச் சொல்லிக் கொடுத்தால் வராது. 'பழ்' என்று ஒரே மூச்சில் சொல்ல வைத்து, பிறகு 'அம்' சேர்க்க வேண்டும். இதை ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டிருந்தால் 'ழ... ழ... ழ' என்று கூடமே அதிர நாங்கள் கத்தியிருக்க வேண்டியதில்லை.

காதை மட்டும் நம்பாமல் இருக்க, ப்ராட் என்ற இலவச மென்பொருளிலும் போட்டுப் பார்த்தோம். ஒலியின் அலைவரிசைப் படத்தில் 'படம்' என்றால் இரண்டு அகரத்துக்கும் நடுவே மெல்லிய வெட்டு ஒன்று விழும், கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. 'பழம்' என்றால் வெட்டு இல்லை, கரும்பட்டைகள் தொடர்ச்சியாக ஓடும், கீழிருந்து எண்ணினால் மூன்றாவது பட்டை மட்டும் இரண்டாவதை நோக்கி இறங்கி வரும். பாட்னாக்காரர் பதிந்து அனுப்பிய 'பழ'த்தில் வெட்டு இருந்தது. அவர் 'சரியாத்தானே சொன்னேன்' என்றார். படத்தைக் காட்டியதும் மறுபேச்சு இல்லை.

றகரச் சண்டை

மூன்றாம் வரைவு அச்சுக்குப் போகாமல் பத்து நாள் கிடந்தது. காரணம் ற. எங்களில் ஒருவர் பள்ளித் தமிழாசிரியர். றகரத்துக்கு r என்ற உருட்டொலிக் குறியைத் தனி வரிசையில் போட வேண்டும், கரி வேறு, கறி வேறு என்றார். பேராசிரியர் உரையில் சொல்லியிருந்தது, "இன்றைய சென்னைப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான், இருப்பதைப் போடுங்கள்" என்று. ஆசிரியரோ, "அதையே தாள்ல அச்சடிச்சா நாளைக்கு நாமளே கொலை பண்ணின மாதிரி ஆயிடும் மேடம்" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

சண்டையைத் தீர்க்கச் சின்ன விளையாட்டு ஒன்று வைத்தோம். அரை, அறை, கரி, கறி, மனம், மணம், வலி, வழி என்று சீட்டு எழுதிக் கலைத்து, ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று இயல்பாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டதை எழுத வேண்டும். மனம், மணம் இரண்டையும் ஏறக்குறைய எல்லோரும் சரியாகப் பிரித்தார்கள். அரை, அறையில் பாதிக்குப் பாதி. அதாவது காசு சுண்டிப் போட்டு எழுதியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஆசிரியரே படித்தபோதும் அப்படித்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எழுத்துல வேற, பேச்சுல ஒண்ணுன்னு போடுங்க" என்றார்.

அதனால் தனி ற, ர இரண்டுக்கும் ɾ என்றே போட்டோம். ஆனால் ற்ற, ன்ற இரண்டும் தனி வரிசை கேட்டன. 'காற்று' என்பதைப் படிக்கும்போது நுனிநாக்கு மேட்டில் அடைத்து tr என்று விடுகிறது. பேசும்போது அது பல்லுக்கு இறங்கி 'காத்து' ஆகிவிடுகிறது. கன்று, பேச்சில் 'கன்னு'. கற்கிறவர் பேப்பர் படிக்க ஒன்றும், ஆட்டோக்காரரிடம் பேச இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வரிசைக்கு மட்டும் 'படிக்கும்போது', 'பேசும்போது' என்று இரண்டு கட்டம். மற்ற இடங்களில் சென்னைப் பேச்சையே பின்பற்றினோம்.

அச்சு

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விபத்தைத் தவிர. முதல் முறை வேர்டு கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தக் கணினியில் இருந்த எழுத்துருவில் ɻ இல்லை, அந்த இடத்தில் வெறும் கட்டம் வந்தது. தகரத்தின் குறியான t̪ எழுத்தின் கீழே உள்ள பல் அடையாளம் நகர்ந்து அடுத்த எழுத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இந்தக் குறிகள் கிடையாது. குறிகளுக்கு மட்டும் Doulos SIL எழுத்துருவை வைத்து, எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோனதும் சரியாக வந்தது. குறிகளின் அளவைப் பதினாறு புள்ளி ஆக்கினேன், ɽ, ɻ இரண்டின் தலையும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிவதற்காக.

இப்போது தாள் வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது. போன ஞாயிறு பாட்னாக்காரர் சந்தோஷமாக வந்தார். அதே பழக்கடைக்குப் போய், மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, தட்டாமல், ஓரம் ஒட்டி, "அண்ணா, வாழைப்பழம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் போலிருக்கிறது. "வாயப்பயமா? எவ்ளோ ஓணும் சார்?" என்றாராம்.

'பயம்' என்றால் அச்சம் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தாளை என் முன்னால் விரித்து, ழகர வரிசையில் விரலை வைத்து, "மேடம், இதுல அது எங்க இருக்கு?" என்று கேட்டார். பென்சிலால் ɻ குறிக்குப் பக்கத்தில் j என்று எழுதி, 'கேட்டால் புரிந்துகொள்ள மட்டும்' என்று சேர்த்துக் கொடுத்தேன்.